இயந்திரம் எழுதிய முதல் வரைவு: ஒரு பத்தியைச் செப்பனிடும் முறை

2022 நவம்பரில் அமெரிக்கத் தொழில்நுட்பச் செய்தித் தளமான சிநெட், வங்கிக் கணக்கு, வட்டி, கடன் பற்றிய விளக்கக் கட்டுரைகளை இயந்திரத்தைக் கொண்டு எழுதி வெளியிடத் தொடங்கியது. கூட்டு வட்டியை விளக்கும் கட்டுரை ஒன்றில், 10,000 டாலரை ஆண்டுக்கு 3 சதவீத வட்டியில் போட்டால் முதலாண்டு முடிவில் 10,300 டாலர் சம்பாதிக்கலாம் என்று இருந்தது. உண்மையில் சம்பாதிப்பது 300 டாலர்தான். 10,300 என்பது அசலும் வட்டியும் சேர்ந்த தொகை. மற்றப் பத்திரிகைகள் இதைச் சுட்டிக்காட்டிய பிறகு, அதுவரை வெளிவந்திருந்த 77 கட்டுரைகளையும் அந்தத் தளம் மறுபடி பார்த்து, 41 கட்டுரைகளில் திருத்தம் வெளியிட்டது. ஒவ்வொரு கட்டுரையையும் வெளியிடுமுன் ஆசிரியர் ஒருவர் பார்த்ததாக நிறுவனம் சொல்லியிருந்தது. பார்த்தும் தப்பியது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

மனிதர் எழுதிய வரைவில் பிழைக்குப் பெரும்பாலும் அடையாளம் இருக்கும். எழுதியவருக்குத் தெரியாத இடத்தில் வாக்கியம் தடுமாறும், பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கும், ஆண்டு விடுபட்டிருக்கும். பிரதி திருத்துபவரின் கண் அந்தத் தடுமாற்றத்தைத் தேடியே பழகியது. இயந்திர வரைவில் சரியான வாக்கியமும் தவறான வாக்கியமும் ஒரே சீராக ஓடும். நடையைத் தடவிப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்கும் பழைய உத்தி அங்கே பலிக்காது.

இத்தகைய வரைவைத் திருத்தும்போது பலரும் முதலில் நடையில் கைவைக்கிறார்கள். தேய்ந்த சொற்றொடர்களை நீக்கி, நீள வாக்கியங்களை வெட்டி, படிக்க நன்றாக ஆக்கிவிட்டு, கடைசியில் ஆண்டுகளையும் பெயர்களையும் பார்க்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். வெற்றுச் சொற்றொடர் நிற்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு தகவல் இல்லாமல் இருக்கிறது. அந்தத் தகவலைத் தேடிக் கொண்டுவந்தால் சொற்றொடர் தானே உதிர்ந்துவிடும். தேடாமல் மெருகேற்றினால் பிழைக்கு இன்னும் நல்ல உடை கிடைக்கும், அவ்வளவுதான்.

ஒரு மாதிரிப் பத்தி

உ.வே. சாமிநாதையர் பற்றி எழுதச் சொன்னால் இயந்திரம் தரக்கூடிய பத்தி ஏறக்குறைய இப்படி இருக்கும். விளக்கத்துக்காக அமைத்த மாதிரி இது. இதிலுள்ள பிழைகள் எல்லாம் இவ்வகை வரைவுகளில் வரும் இனத்தைச் சேர்ந்தவை.

"தமிழ்த் தாத்தா என்று அன்புடன் அழைக்கப்படும் உ.வே. சாமிநாதையர் தமிழ் இலக்கிய வரலாற்றில் ஒரு முக்கியப் பங்கு வகித்தார். 1855ஆம் ஆண்டு பிறந்த அவர், தனது ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வழிகாட்டுதலின் கீழ் சங்க இலக்கியச் சுவடிகளைத் தேடத் தொடங்கினார். 1887ஆம் ஆண்டு அவரால் வெளியிடப்பட்ட சீவக சிந்தாமணி, அச்சில் வந்த முதல் சங்க இலக்கிய நூல் ஆகும். அவர் எட்டுத்தொகை மற்றும் பத்துப்பாட்டு நூல்கள் அனைத்தையும் அழிவிலிருந்து மீட்டெடுத்தார். அவரது பணி வெறும் பதிப்புப் பணி மட்டுமல்ல, அது ஒரு பண்பாட்டு மறுமலர்ச்சி ஆகும். அவரது அயராத உழைப்பும், அர்ப்பணிப்பும், தமிழ்ப்பற்றும் இன்றைய தலைமுறைக்கு ஒரு கலங்கரை விளக்கமாகத் திகழ்கின்றன."

இலக்கணப் பிழை இல்லை. பள்ளி விழா மலரில் அப்படியே அச்சேறிவிடும். ஆனால் ஆறு வாக்கியங்களில் மூன்று தவறு. இரண்டில் சரிபார்க்க எதுவுமே இல்லை.

முதல் வேலை: கூற்றுகளைப் பிரித்தெடுத்தல்

பத்தியை வாக்கியமாகப் படிப்பதை நிறுத்திவிட்டு, அது என்னென்ன சொல்கிறது என்று தனித்தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு வாக்கியத்தில் மூன்று கூற்றுகள் இருக்கலாம். மூன்றும் தனித்தனி வரி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே, 'இது எதனால் தெரியும்?' என்ற கேள்விக்குப் பதில் வர வேண்டும். பதிலாக எழுத வேண்டியது ஒரு நூலின் பெயரும் பக்கமும்; "பல இடங்களில் இப்படித்தான் இருக்கிறது" என்பது பதிலாகாது. இணையத்தில் பத்துப் பக்கங்கள் ஒரே செய்தியைச் சொன்னாலும், அவை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை என்றால் சாட்சி ஒன்றுதான். அவற்றில் சில இதே வகை இயந்திரத்தால் எழுதப்பட்டவையாகவும் இருக்கலாம்.

மாதிரிப் பத்தியின் பிறந்த ஆண்டு சரி. 1855 பிப்ரவரி 19. அடுத்த கூற்றிலிருந்து சிக்கல் தொடங்குகிறது. மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876 பிப்ரவரி 1 அன்று காலமானார். அவரிடம் சாமிநாதையர் படித்தவை அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள். பழைய நூல்களின் பக்கம் அவரைத் திருப்பியவர் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார். அவர்கள் முதலில் சந்தித்த நாளை 'என் சரித்திரம்' நூலில் சாமிநாதையரே குறித்திருக்கிறார்: 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. ஆசிரியர் இறந்து நாலரை ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இயந்திரம் ஏன் இப்படிச் சொல்கிறது என்பதை ஊகிப்பது கடினமில்லை. முன்வந்த சொற்களைக் கொண்டு அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்தே அது எழுதுகிறது. சாமிநாதையர், மீனாட்சிசுந்தரம் பிள்ளை, சுவடி ஆகிய மூன்றும் ஆயிரக்கணக்கான பக்கங்களில் சேர்ந்தே வருகின்றன. இராமசுவாமி முதலியார் அவ்வளவு இடங்களில் வருவதில்லை. எனவே அதிகம் கேட்ட பெயர், குறைவாகக் கேட்ட பெயரின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

மூன்றாவது வாக்கியத்தில் 1887 சரி. மற்ற இரண்டும் தவறு. சீவக சிந்தாமணி சங்க இலக்கியம் அன்று. பல நூற்றாண்டு பிந்தி, திருத்தக்கதேவர் இயற்றிய சமணக் காப்பியம். 'முதல்' என்பதும் நிற்காது. சிந்தாமணியின் முதற்பகுதியான நாமகள் இலம்பகத்தை 1868இலேயே எச். பவர் என்ற பாதிரியார் அச்சிட்டிருந்தார். சங்க நூல் என்று பார்த்தால், அதே 1887இல் கலித்தொகையை அச்சிட்டவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை.

'அனைத்தையும்' என்ற நான்காவது வாக்கியமே எல்லாவற்றிலும் பெரிய பிழை. பத்துப்பாட்டு முழுவதையும் நச்சினார்க்கினியர் உரையுடன் 1889இல் சாமிநாதையர் பதிப்பித்தார் என்பது உண்மை. அப்போதும் அதன் முதற்பாட்டான திருமுருகாற்றுப்படையை ஆறுமுக நாவலர் முன்பே அச்சிட்டிருந்தார். எட்டுத்தொகையில் சாமிநாதையர் பதிப்பித்தவை ஐந்து: புறநானூறு (1894), ஐங்குறுநூறு (1903), பதிற்றுப்பத்து (1904), பரிபாடல் (1918), குறுந்தொகை (1937). இவற்றிலும் குறுந்தொகையை முதலில் அச்சேற்றியவர் சௌரிப்பெருமாள் அரங்கன்; ஆண்டு 1915. அதே ஆண்டில் நற்றிணை பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் உரையுடன் வந்தது. அகநானூற்றை அச்சுக்குக் கொண்டுவந்தவர்களும் வேறு அறிஞர்களே. 'அனைத்தையும்' என்ற ஒரு சொல் இத்தனை பேரின் உழைப்பையும் ஒருவர் கணக்கில் எழுதிவிடுகிறது. சாமிநாதையருக்கு இது பெருமை சேர்க்காது. அவர் செய்த வேலையின் அளவு மிகைப்படுத்தாமலே பெரியது.

அதிகம் கேட்ட பெயரையும் பெரிய சொல்லையும் நோக்கிய இந்தச் சாய்வை நினைவில் வைத்திருந்தால் எந்த வரைவிலும் எங்கே முதலில் பார்ப்பது என்று தெரிந்துவிடும். முதல், அனைத்து, ஒரே, மிகப் பெரிய என்ற சொற்கள் வந்தால் நிற்க வேண்டும். உறவுகளையும் காரணங்களையும் சொல்லும் இடங்களில் நிற்க வேண்டும். யார் யாருக்கு ஆசிரியர், எது எதனால் நடந்தது என்பனவற்றில் ஆண்டுகளைவிட அதிகமாகப் பிழை ஒளிந்திருக்கும். மேற்கோள் குறிக்குள் வரும் வாக்கியத்தை மூல நூலில் கண்ணால் பார்க்கும்வரை பொய் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். சாமிநாதையர் சொன்னதாக அழகான வாசகம் ஒன்று வந்து, எந்த நூலில் என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், அதை நீக்குவதைத் தவிர வேறு வழியில்லை. நூற்பெயர்களுக்கும் இதே விதி. 2025 மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழுடன் வந்த இணைப்பில் கோடைக்கால வாசிப்புக்குப் பரிந்துரைத்த 15 புத்தகங்களில் 10 புத்தகங்கள் உலகத்திலேயே இல்லாதவை. எழுத்தாளர் பெயர்கள் மட்டும் உண்மையானவை.

சரிபார்க்கப் போகும் மூலத்துக்கும் எல்லை உண்டு. 'என் சரித்திரம்' 1940இல் ஆனந்த விகடனில் தொடங்கி, 1942இல் சாமிநாதையர் மறைந்தபோது முற்றுப்பெறாமல் நின்ற நூல். எண்பது வயதைக் கடந்தவர் அறுபது ஆண்டுக்கு முந்தியவற்றை நினைவுகூர்ந்து எழுதியது. அவருடைய அனுபவத்துக்கு அதைவிடச் சிறந்த சாட்சி இல்லை. ஆனால் மற்றவர்களின் பதிப்புகளுக்கு அந்தந்த நூலின் முகப்புப் பக்கத்தையும் முகவுரையையும்தான் பார்க்க வேண்டும். பழைய பதிப்புகள் பலவற்றின் மின்படிகள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தில் கிடைக்கின்றன; சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் பெசன்ட் நகரில் உ.வே.சா. நூல்நிலையமும் இருக்கின்றன. முகப்பில் தமிழ் ஆண்டு மட்டும் இருந்தால் அவசரப்படக் கூடாது. சர்வசித்து ஆண்டு 1887 சித்திரையில் தொடங்கி 1888 பங்குனியில் முடிகிறது. தையில் வெளிவந்த நூலை 1887 என்று எழுதினால் ஓராண்டு பிசகிவிடும். ஒரே நூலுக்கு இரண்டு ஆண்டுகள் சொல்லப்படுவதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாம் வேலை: வெற்றுச் சொற்றொடரைக் கேள்வி கேட்டல்

சரிபார்ப்பு முடிந்த பிறகு மாதிரிப் பத்திக்குத் திரும்பினால், "முக்கியப் பங்கு வகித்தார்", "மீட்டெடுத்தார்", "அயராத உழைப்பு", "கலங்கரை விளக்கம்" என்பவை வேறுவிதமாகத் தெரியும். இவை ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பித்த இடம். அந்தக் கேள்வி, 'எப்படி?'

எப்படி மீட்டெடுத்தார்? பல ஊர்களிலிருந்து சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். ஒன்றில் இருக்கும் பாடம் மற்றொன்றில் மாறியிருக்கும். ஒவ்வொரு பாடவேறுபாட்டையும் குறித்துக்கொண்டார். உரையாசிரியர் பெயர் சொல்லாமல் எடுத்தாண்ட மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று தேடினார். சிந்தாமணி சமண நூல். சைவ நூல்களில் தோய்ந்த அவருக்கு அதன் சமயக் கருத்துகள் புரியவில்லை. கும்பகோணத்திலிருந்த சமணர்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். இந்த வாக்கியங்கள் வந்த பிறகு 'அயராத உழைப்பு' என்று எழுதத் தேவையே இல்லை. வாசகர் அதைத் தாமே சொல்லிக்கொள்வார்.

'எப்படி?' என்று கேட்டும் பதில் கிடைக்காத சொற்றொடர்களும் உண்டு. கலங்கரை விளக்கம் அப்படிப்பட்டது. அவற்றுக்கு மாற்றுத் தேட வேண்டாம், நீக்கிவிட வேண்டும். 'வெறும் பதிப்புப் பணி மட்டுமல்ல' என்ற வாக்கியமும் போக வேண்டும். பதிப்புப் பணியை யாரும் வெறும் பணி என்று சொல்லவில்லை. யாரும் சொல்லாததை மறுத்துவிட்டு, அதைவிடப் பெரிதாக ஒன்றைச் சொல்வது இயந்திர நடையின் ஓயாத பழக்கம். ஒரு பத்தியில் ஒருமுறை வந்தால் கண்ணில் படாது. பக்கத்துக்கு மூன்று முறை வரும்போது வாசகர் சலித்துப்போகிறார்.

மூன்றாம் வேலை: வாக்கியத்தைத் தமிழாக்குதல்

தமிழ் வரைவுகளில் இன்னொரு அடுக்கு இருக்கிறது. இவ்வகை இயந்திரங்கள் பயின்ற எழுத்தில் ஆங்கிலமே மிகுதி. தமிழில் எழுதும்போதும் ஆங்கில வாக்கியத்தின் எலும்புக்கூடு உள்ளே தெரியும். மாதிரிப் பத்தியிலேயே பார்க்கலாம்: 'வழிகாட்டுதலின் கீழ்', 'அவரால் வெளியிடப்பட்ட', 'எட்டுத்தொகை மற்றும் பத்துப்பாட்டு', தேவையில்லாத 'ஒரு', வாக்கியம்தோறும் 'அவர்', முடிவில் 'ஆகும்'.

இவற்றில் பாதியைச் சொல் மாற்றிச் சரிசெய்துவிடலாம். 'எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும்' என்றால் போதும். 'அவர் வெளியிட்ட' என்றால் போதும். கடினமானது வாக்கியங்களை இணைப்பது. தமிழில் ஒருவர் அடுத்தடுத்துச் செய்தவற்றை வினையெச்சங்களால் கோத்து ஒரே மூச்சில் சொல்ல முடியும்: தேடிப்போய், கிடைத்ததை ஒப்பிட்டு, வேறுபாட்டைக் குறித்து, அச்சுக்குக் கொடுத்தார். எழுவாய் ஒருமுறை வந்தால் போதும். இயந்திர வரைவோ ஒவ்வொரு செயலுக்கும் முற்றுப்புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும் 'அவர்' என்று மறுபடி தொடங்குகிறது. பத்தியைச் சத்தமாகப் படித்தால் இந்த வெட்டு காதில் விழும். படிக்கும்போது மூச்சு எங்கே தேவையில்லாமல் நிற்கிறதோ அங்கே கோக்க வேண்டும். எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே வெட்ட வேண்டும்.

குரல் எங்கிருந்து வருகிறது

மனிதக் குரலைக் கொண்டுவருவதாக நினைத்து, 'பாருங்களேன்', 'அடடா' என்று பேச்சுச் சொற்களைத் தூவுவது இப்போது பரவிவரும் வழக்கம். இதை இயந்திரமும் கேட்டால் செய்யும். குரல் அங்கே இல்லை. எதைத் தேர்ந்தெடுத்தார், எதை விட்டார், எதன் மேல் தீர்ப்புச் சொல்கிறார் என்பவற்றில்தான் எழுதுபவர் தெரிகிறார். 'இரு தரப்பிலும் நியாயம் உண்டு' என்று வரைவு நழுவும் இடத்தில், பெயர் போட்டு எழுதுபவர் தம் முடிவைச் சொல்ல வேண்டும்.

இதற்குப் பயன்படும் நடைமுறை ஒன்றுதான்: கூற்றுப் பட்டியலை மட்டும் எதிரே வைத்துக்கொண்டு, வரைவை மூடிவிட்டு, பத்தியைப் புதிதாக எழுதுவது. வரைவு கண்முன் இருந்தால் கை அதன் வாக்கியத்தையே திருத்திக்கொண்டிருக்கும். மூடிவிட்டால், எதிலிருந்து தொடங்குவது என்று எழுதுபவரே முடிவெடுத்தாக வேண்டும். மாதிரிப் பத்தி அப்படி எழுதினால் இவ்வாறு வரலாம்:

"கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த 1880ஆம் ஆண்டிலேயே, அக்டோபர் 21 அன்று, உ.வே. சாமிநாதையர் ஊருக்குப் புதிதாக வந்திருந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். வயது இருபத்தைந்து. தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் பெயர் சொல்லி அடுக்கினார். முதலியார் மசியவில்லை. சிந்தாமணியும் மணிமேகலையும் சிலப்பதிகாரமும் படித்ததுண்டா என்று கேட்டார், படித்ததில்லை. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட ஒருவருக்கே அந்த நூல்கள் எட்டவில்லை என்றால், அன்றைய தமிழ்க் கல்வி எதை மறந்திருந்தது என்பது விளங்கும். ஏழாண்டு கழித்து, 1887இல், சிந்தாமணி முழுவதும் நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சில் வந்தது. அதே ஆண்டில் சி.வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை வெளியிட்டார். பழந்தமிழ் நூல்கள் அச்சேறியது ஒருவர் கதை அன்று. ஆனால் அதில் மிக நீண்ட தூரம் நடந்தவர் சாமிநாதையர்."

இதில் அலங்காரம் எதுவும் கூட்டப்படவில்லை. நாள், ஊர், பதவி, நூற்பெயர்கள் எல்லாம் சரிபார்த்த பட்டியலிலிருந்து வந்தவை. அன்றைய கல்வி பற்றிய வாக்கியமும் கடைசி வாக்கியமும் எழுதியவரின் தீர்ப்புகள். அவற்றோடு ஒருவர் உடன்படலாம், மறுக்கலாம். மாதிரிப் பத்தியின் கலங்கரை விளக்கத்தோடு வாதாடவே முடியாது.

'நான்' என்று தொடங்கும் வாக்கியங்களில் தனிக் கவனம் வேண்டும். அனுபவம் கலந்து எழுதச் சொன்னால் இயந்திரம் தாத்தாவின் அலமாரியையும் ஓலையின் மணத்தையும் உண்டாக்கித் தரும். பெயர் போட்டு எழுதுபவருக்கு அப்படி ஒரு தாத்தா இருந்தாரா? இல்லையென்றால் அதுவும் தகவல் பிழைதான். தவறான ஆண்டைவிட மோசமானது, ஏனென்றால் அதை வாசகர் எந்த நூலிலும் சரிபார்க்க முடியாது.

எப்போது கைவிட வேண்டும்

இந்த வேலைக்கு நேரம் பிடிக்கும். எழுதுபவருக்குத் துறை தெரிந்திருந்தால், வரைவு அவருக்கு ஒரு நினைவூட்டுப் பட்டியலாக உதவும். விடுபட்டதையும் பிசகியதையும் உடனே காண்பார். துறை தெரியாதவருக்கு அதே வரைவு பொறி. கும்பகோணத்து முன்சீப்பைப் பற்றிக் கேள்விப்படாதவர், வரைவில் அவர் இல்லை என்பதைக் கவனிக்கவே மாட்டார். இருப்பதைச் சரிபார்க்க முறை உண்டு. இல்லாததைக் கண்டுபிடிக்கப் படிப்பு ஒன்றே வழி.

எனவே பதிப்பாசிரியர்களுக்கும் கட்டுரையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரைவின் ஒவ்வொரு கூற்றுக்கும் மூலம் எழுதிப் பாருங்கள். பாதிக் கூற்றுகளுக்கு எதிரே இடம் காலியாக இருந்தால், திருத்துவதை நிறுத்திவிட்டு நூலகத்துக்குப் போங்கள். அங்கே கிடைப்பதிலிருந்து புதிதாக எழுதுங்கள். முதல் வரைவை இயந்திரம் எழுதியிருந்தால் அதை உங்கள் பதிப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். எதைத் தேடிப் படிக்க வேண்டும் என்று அவருக்கும் தெரிய வேண்டும். அச்சான பிறகு பிழைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கட்டுரையில் பெயர் போட்டவர் மட்டுமே.